கேள்வி-பதில்: கம்பனி பதிவு வேறு, பங்குச் சந்தை வேறு

எனது சகலன் ஒரு கம்பனியில் பங்கு வாங்கச் சொல்கிறார். 'பங்குச் சந்தையில் பதிவு செய்யப்பட்டது' என்று நோட்டீஸில் இருக்கிறது. பதிவுச் சான்றிதழின் கொப்பியும் காட்டினார், PV என்று தொடங்கும் இலக்கம். ஓய்வூதியக் காசில் 3 இலட்சம் போட நினைக்கிறேன்.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், களுவாஞ்சிக்குடி

சேர், போட வேண்டாம். சான்றிதழ் பொய்யாக இருக்காது, அது உண்மையானதாகவே இருக்கலாம். சிக்கல் 'பதிவு' என்ற சொல்லில் இருக்கிறது. இந்தச் சொல்லோடு எனக்குப் பழைய பகை. எங்கள் ஊரில் கடைக்கும் பதிவு, கலியாணத்துக்கும் பதிவு, மோட்டார் சைக்கிளுக்கும் பதிவு. அதனால் 'பதிவு' என்று கேட்டதும் அரசாங்கமே பிணை நிற்கிற மாதிரி மனம் இளகிவிடுகிறது. நானும் ஒருமுறை 'பதிவு செய்யப்பட்ட முகவர்' என்ற ஒரு வரியை நம்பி ஒரு தண்ணீர்ப் பம்ப் வாங்கினேன். எதில் பதிவு என்று கேட்கத் தோன்றவில்லை. இரண்டாம் போகத்துக்கு அது உயிரோடு இல்லை.

இலங்கையில் எந்தக் கம்பனியும் கம்பனிகள் பதிவாளரிடம் பதிந்துதான் பிறக்கிறது. உங்கள் சகலன் காட்டியது அந்தப் பிறப்புச் சாட்சிப்பத்திரம். பங்குச் சந்தையில் பட்டியலிடுவது அதற்குப் பிறகு, வேறோர் இடத்தில், வேறு விதிகளின் கீழ் நடக்கிற காரியம். பட்டியலில் உள்ள கம்பனி தன் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊருக்குக் காட்ட வேண்டும், அதன் பங்கை எவரும் தரகர் மூலம் வாங்கி விற்கலாம். பதிவாளரிடம் பதிந்ததால் மட்டும் இவை எதுவும் வந்து சேராது.

இனி அந்தக் கொப்பியையே எடுத்துப் பாருங்கள். PV என்றால் தனியார் கம்பனி. பெயரின் வாலில் (Private) Limited அல்லது (Pvt) Ltd என்று இருக்கும். PB என்றால் பொதுக் கம்பனி, ஆனால் சந்தையில் இல்லை, வால் Limited அல்லது Ltd. PQ என்றால்தான் சந்தையில் உள்ளது, வால் PLC. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் பெயரின் வாலை இப்படிப் பிரித்து வைத்திருக்கிறது. அதே சட்டப்படி தனியார் கம்பனி தன் பங்கைப் பொதுமக்களுக்கு விற்க முன்வரவே கூடாது, ஊழியர் நீங்கலாகப் பங்குதாரர் 50 பேருக்கு மேல் போகவும் கூடாது. ஆகவே PV இலக்கத்தைக் காட்டிக்கொண்டு ஊரில் நோட்டீஸ் கொடுத்துப் பங்கு விற்கிறவர், தனக்கு எதிரான சாட்சியத்தைத் தானே உங்கள் கையில் தந்திருக்கிறார்.

அடுத்து கொழும்புப் பங்குச் சந்தையின் cse.lk தளத்தில் கம்பனியின் முழுப் பெயரைத் தேடுங்கள், ஓர் எழுத்தும் விடாமல். பட்டியலில் இருந்தால் அதற்கென ஒரு பக்கமும் ஒரு குறியீடும் அகப்படும். ஜோன் கீல்ஸ் ஹோல்டிங்ஸ் என்று தேடினால் JKH.N0000 வருவது போல. இல்லாவிட்டால் ஒன்றும் வராது. அப்போது சகலன், 'தாய்க் கம்பனி சந்தையில் இருக்குது' என்பார். இருக்கட்டும். தாயின் பங்கை வாங்கினால் தாயில் பங்கு, பிள்ளையின் பங்கை வாங்கினால் பிள்ளையில் மட்டும்தான். நாளைக்கு அதை விற்க உங்களுக்குச் சந்தை இல்லை, சகலனிடம்தான் போய் நிற்க வேண்டும்.

COMB.N0000, COMB.X0000 என்று ஒரே வங்கிக்கு இரண்டு விலை. குறைந்ததை வாங்கினேன். ஏமாந்துவிட்டேனா?
— அக்கரைப்பற்று

இல்லை. புள்ளிக்குப் பின்னால் N வந்தால் வாக்குரிமை உள்ள சாதாரண பங்கு, X வந்தால் வாக்குரிமை இல்லாதது. பங்கிலாபம் உண்டு, கூட்டத்தில் கை உயர்த்த முடியாது, அவ்வளவுதான். ஆனால் இதை வாங்க முதல் கேட்டிருக்க வேண்டும். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிற ஊர்க்காரர், ஓர் எழுத்தைப் பார்க்கப் பஞ்சிப்படலாமா?

ஒருவர் தந்த குறியீட்டைச் சந்தையின் ஆப்பில் போட்டுப் பார்த்தேன், இருக்கிறது. ஆனால் கம்பனிப் பெயர் அவர் சொன்னதிலிருந்து கொஞ்சம் வித்தியாசம். எழுத்துப் பிழையாக இருக்குமா?
— சாய்ந்தமருது

தங்கச்சி, நீங்கள் கேட்டதே பாதிக் காப்பு. பிழை என்று விட்டுவிடாதீர்கள். குறியீடு உண்மையானது, அது வேறொருவருடையது. நாலு எழுத்தை இரவல் எடுத்து நோட்டீஸில் அடிக்க எவராலும் முடியும்.

பெயர் ஒத்துப்போவதால் தெரிந்தவர்களே தடுமாறியிருக்கிறார்கள். 2020இல் கொரோனாக் காலத்தில் உலகமே சூம் வழியாகப் பேசியபோது, அமெரிக்காவில் பலர் ZOOM என்ற குறியீட்டில் பங்கு வாங்கினார்கள். அது சூம் டெக்னோலஜீஸ் என்ற வேறொரு சிறு கம்பனி. வீடியோக் கம்பனியின் குறியீடு ZM. விலை தாறுமாறாக ஏறியதில், மார்ச் மாதம் அந்நாட்டுப் பிணையங்கள் ஆணைக்குழு அந்தச் சிறு கம்பனியின் வியாபாரத்தைத் தற்காலிகமாக நிறுத்தியது. அங்கே எவரும் ஏமாற்றவில்லை, ஆட்கள் தாங்களாகவே மாறி வாங்கினார்கள். உங்களிடம் வந்தவர் மாற்றிச் சொல்வதற்கென்றே வந்தவர்.

குறியீட்டுப் பக்கத்தில் உள்ள முழுப் பெயரையும் முகவரியையும் அவருடைய தாளோடு ஒப்பிடுங்கள். சந்தையின் பக்கத்திலுள்ள தொலைபேசிக்கு நீங்களே எடுத்து, 'இப்படியொருவர் உங்கள் பெயரில் பங்கு விற்கிறாரா?' என்று கேளுங்கள். நோட்டீஸில் உள்ள இலக்கத்துக்கு அல்ல.

ஒரு பங்கு மலிவாகக் கிடந்தது, நிறைய வாங்கினேன். பக்கத்தில் Watch List என்று இருந்தது, எல்லாரும் கவனிக்கிற பங்கு என்று நினைத்தேன். இப்போது விற்க முடியவில்லை.
— கல்முனை

தம்பி, பொலிஸ் ஒருவனைக் கவனிக்கிறது என்றால் அவன் பிரபலமானவன் என்றா அர்த்தம்?

கணக்கறிக்கை நேரத்துக்குத் தராதது, கணக்காய்வாளர் குறை எழுதியது, பொதுமக்கள் கையில் இருக்க வேண்டிய அளவு பங்கு இல்லாதது போன்ற காரணங்களுக்காகச் சந்தை ஒரு கம்பனியை அந்தப் பட்டியலில் போடுகிறது. அப்போதும் வியாபாரம் நடக்கலாம். கம்பனி திருந்தாவிட்டால் வியாபாரம் நிறுத்தப்படும். உங்களுக்கு நடந்திருப்பது அநேகமாக அதுதான். அதற்கும் அப்பால் போனால் பட்டியலிலிருந்தே நீக்கம். அப்போதும் பங்கு உங்களுடையதுதான், வாங்க ஆள்தான் இல்லை.

கம்பனியின் பக்கத்தில் அறிவித்தல்கள் பகுதியைத் திறந்து, ஏன் போட்டார்கள், என்ன தேதியில் போட்டார்கள் என்று வாசியுங்கள். கடைசியாகக் கைமாறிய தேதியையும் பாருங்கள். திரையில் விலை ஒன்று நிற்கிறது என்பதற்காக அந்த விலைக்கு இன்று போகும் என்றில்லை.

கடுமையாகச் சொல்கிறேன் என்று கோபிக்காதேயுங்கள். என் பங்குகள் கிடக்கிற சிடிஎஸ் கணக்கிலும் இப்படியொன்று வருடக்கணக்காகத் தூங்குகிறது. கணக்கறிக்கை வராத கம்பனி என்று தெரிந்தும், 'இந்த விலைக்கு இதைவிட என்ன விழப் போகுது' என்று வாங்கினேன்.

புதிதாகச் சந்தைக்கு வரும் கம்பனியின் பங்கை முன்கூட்டியே எடுத்துத் தருவதாக ஒருவர் வட்ஸ்அப்பில் சொல்கிறார். காசை அவருடைய சொந்தக் கணக்குக்குப் போட வேண்டுமாம்.
— ஏறாவூர்

போடாதீர்கள். போட்டுவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே வங்கிக்கும் பொலிசுக்கும் போங்கள், எனக்குக் கடிதம் பிறகு எழுதலாம்.