கத்தியைக் காட்டுகிறேன் என்ற வரி

ஐயா,
மாவட்டப் பதிப்பு ஒன்றில் நிருபராகச் சேர்ந்திருக்கிறேன். அடுத்த வாரம் செஷன்ஸ் நீதிமன்றத்தில் ஒரு கொலை வழக்கின் சாட்சி விசாரணை தொடங்குகிறது. இதுவரை நீதிமன்றத்துக்குள் போனதே இல்லை. என்னென்ன சொற்கள் தெரிந்திருக்க வேண்டும்? எதை எழுதக் கூடாது? ஃபோனில் பதிவு செய்யலாமா? பெயர் வெளியிட வேண்டாம்.

தம்பி,

ஃபோனை அணைத்துப் பைக்குள் போடுங்கள். அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை. சொற்களில் பாதி இரண்டு நாள் உட்கார்ந்தாலே பிடிபட்டுவிடும். 'எதிரி' என்றால் குற்றம்சாட்டப்பட்டவர், 'அ.சா.1' என்றால் அரசுத் தரப்பின் முதல் சாட்சி. குறுக்கு விசாரணையில் எதிரியின் வக்கீல் "நீங்கள் அந்த இடத்திலேயே இல்லை என்கிறேன்" என்பார், சாட்சி "என்றால் சரியல்ல" என்பார். வக்கீல் சொன்னது அவருடைய கட்சிக்காரரின் வாதம்தான், சாட்சியம் ஆகாது. அதைத் தலைப்பாக்கி விடாதீர்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் ஒரு செய்தியைப் படித்துவிட்டு எரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன். 'கொலையை ஒப்புக்கொண்டார்: கிராம நிர்வாக அலுவலர் சாட்சியம்.' நான் வக்கீல் தொழிலில் இருந்தபோதும் இதே தலைப்பை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒரு வழக்கில் எதிரியின் அக்கா அந்தச் செய்தித் துண்டை மடித்து எடுத்து வந்து, "இனி என்ன சார் இருக்கு, அவனே ஒத்துக்கிட்டானாமே" என்று அழுதார். அவன் ஒப்புக்கொண்டதாகச் சட்டத்தின் கண்ணில் எதுவுமே இல்லை. அதை அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு சாயங்காலம் ஆயிற்று.

நம் ஊரில் நடப்பது இதுதான். போலீஸ் ஒருவரைக் கைது செய்ததும் கிராம நிர்வாக அலுவலரைச் சாட்சியாகக் கூப்பிடுவார்கள். அவர் முன்னிலையில் வாக்குமூலம் எழுதப்படும். அப்புறம் எதிரி ஒரு கிணற்றுமேட்டுக்கோ புதருக்கோ கூட்டிப்போய் அரிவாளை எடுத்துக் கொடுப்பார், கைப்பற்றியதை எழுதி மகஜர் போடுவார்கள். விசாரணையில் அந்த அலுவலர் கூண்டில் ஏறி இதையெல்லாம் சொல்வார். ஆனால் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் இது 25ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதுச் சட்டத்தில் 23ஆவது பிரிவு. ஒரு சின்னக் கதவு மட்டும் திறந்திருக்கிறது: அந்தச் சொல்லால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேராகச் சேர்ந்த வார்த்தைகள் மட்டும் உள்ளே வரும்.

எவ்வளவு வரும்? சென்னை மாகாணத்திலிருந்து போன புலுகூரி கோட்டய்யா வழக்கில் அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1946இல் ஓர் உதாரணம் சொன்னது. 'என் வீட்டுக் கூரையில் ஒளித்துவைத்த கத்தியை எடுத்துத் தருகிறேன், அந்தக் கத்தியால்தான் இன்னாரைக் குத்தினேன்' என்று ஒருவர் சொல்கிறார். முதல் பாதி செல்லும். 'அந்தக் கத்தியால்தான் குத்தினேன்' செல்லாது. கத்தி கிடைத்ததால் தெரிவது, அது அங்கே இருந்தது என்பதும் அது அவருக்குத் தெரியும் என்பதும்தான். அந்தக் கத்தியால் குத்தியது அவர்தானா என்பதை வேறு சாட்சியத்தால் நிரூபிக்க வேண்டும். இன்றும் நீதிமன்றம் நடப்பது இந்தக் கோட்டில்தான். 'வாக்குமூலத்தின் ஏற்கத்தக்க பகுதி' என்று குறியிடுவார்கள், அது பெரும்பாலும் ஒரே வரி. நீங்கள் எழுத வேண்டியதும் அந்த வரியைத்தான்: 'எதிரி அடையாளம் காட்டியதன்பேரில் அரிவாள் கைப்பற்றப்பட்டதாகக் கிராம நிர்வாக அலுவலர் சாட்சியம் அளித்தார்.' சப்பென்றிருக்கிறது என்று உங்கள் டெஸ்க்கில் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். நடப்பு வழக்கைப் பற்றி எழுதும்போது 1971ஆம் ஆண்டின் அவமதிப்புச் சட்டம் நியாயமான, துல்லியமான செய்திக்குத்தான் பாதுகாப்பு தருகிறது.

ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். போலீஸ் பிடிக்கும் முன்பே எதிரி தானாகக் கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ச் சொல்லியிருந்தால் கதை வேறு. நீதித்துறை நடுவர் முன் முறைப்படி கொடுத்த ஒப்புதலும் வேறு. ஆக, கூண்டில் 'ஒப்புக்கொண்டார்' என்ற சொல் விழுந்த நொடியில் கேட்க வேண்டியது: யாரிடம், கைதுக்கு முன்பா பின்பா?

பாலியல் குற்ற வழக்கென்றால் பாதிக்கப்பட்டவரின் பெயரை மட்டும் விட்டால் போதாது. ஊர், பள்ளி, உறவு என எதை வைத்தும் அடையாளம் தெரியக் கூடாது. அவர் இறந்துவிட்டாலும் அப்படித்தான் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. குழந்தையின் அப்பாவே எதிரி என்றால், அவர் பெயரைப் போட்டாலே குழந்தை யாரென்று தெரிந்துவிடும். இதற்குச் சிறைத் தண்டனை உண்டு, மன்னிப்புக் கேட்டுத் தப்ப முடியாது.

அலுவலர் சாட்சி சொல்லி இறங்கியதும் அரசு வழக்கறிஞரிடம் போய், குறியிட்ட வரி எது என்று கேளுங்கள். சலித்துக்கொண்டாவது காட்டுவார். எதிரியின் வக்கீல் குறுக்கு விசாரணைக்கு வாய்தா வாங்கியிருந்தால், அந்தத் தேதியையும் செய்தியின் கடைசியில் போட்டுவிடுங்கள், அன்றைக்கு நீங்களே போய் உட்காருங்கள்.