"நடக்கவேண்டிய வழியில் நடத்து" என்ற வசனம் எல்லாப் பெற்றோருக்கும் தரப்பட்ட உத்தரவாதமா?

என் மகனைப் பக்தியாகத்தான் வளர்த்தோம். இப்போது அவன் எல்லாவற்றையும் விட்டுவிட்டான். "நீதிமொழிகள் 22:6 பொய்யாகாது, ஒருநாள் திரும்பி வருவான்" என்கிறார்கள் சிலர். "நீங்கள் சரியாக வளர்க்கவில்லை" என்கிறார்கள் வேறு சிலர். யார் சொல்வது சரி?

இரண்டு தரப்பும் அந்த வசனத்தில் இல்லாத ஒன்றை அதற்குள் வைத்துப் படிக்கின்றன என்பதே என் கருத்து. முதலில் வசனத்தை அப்படியே பார்த்துவிடலாம்: "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து, அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்." இதில் விட்டுப்போனவன் திரும்பி வருவான் என்ற பேச்சே இல்லை. விடாமலிருப்பவனைப் பற்றித்தான் வசனம் பேசுகிறது. ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் இரண்டாம் பாதியை "முதிர்வயதில் திரும்பி வருவான்" என்று தங்களையறியாமலே மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள். பலமுறை கேட்டுப் பழகியதால் கேட்பவர்களும் அதையே மூலவாக்கியம் என்று நம்பிவிடுகிறார்கள். திரும்பி வருவதைப் பற்றிப் பேசவேண்டுமானால் அதற்குக் கெட்ட குமாரன் உவமை இருக்கிறது.

குற்றம் சாட்டுகிறவர்களின் பிழை இதைவிட ஆழமானது. அவர்கள் பழமொழியைச் சட்டவிதியாக எடுத்துக்கொண்டு, அதைத் தலைகீழாகவும் திருப்புகிறார்கள்: நன்றாக வளர்த்தால் விடமாட்டான், விட்டுவிட்டானே, ஆகவே வளர்ப்பு சரியில்லை என்று. இதே முறையை நீதிமொழிகளின் வேறொரு வசனத்தில் பயன்படுத்திப் பாருங்கள். "சோம்பற்கையால் வேலைசெய்கிறவன் ஏழையாவான்" என்கிறது 10:4. அதைத் திருப்பிப் போட்டால் ஏழைகள் எல்லாரும் சோம்பேறிகள் என்றாகிவிடும். ஆனால் அதே புத்தகம் 13:23இல், ஏழையின் வயல் மிகுதியாக விளைந்தும் நியாயம் கிடைக்காமல் கெட்டுப்போகிறவர்கள் உண்டு என்று சொல்லிவிடுகிறது. வாழ்க்கையில் பெரும்பாலும் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்வது பழமொழியின் வேலை. விதிவிலக்குகளை ஒரே வரிக்குள் அடுக்கிக்கொண்டிருக்க அதற்கு இடமில்லை, அவை அடுத்தடுத்த பழமொழிகளில் வரும்.

பிள்ளை வளர்ப்பிலும் அப்படித்தான். மூடன் தன் தகப்பனுடைய புத்தியை அலட்சியம் பண்ணுகிறான் என்கிறது 15:5. அலட்சியம் பண்ணுவதற்கு முதலில் தகப்பன் புத்தி சொல்லியிருக்க வேண்டுமல்லவா? சொல்லியும் கேளாத பிள்ளை உண்டு என்பதை இந்தப் புத்தகமே அறிந்திருக்கிறது. முதல் ஒன்பது அதிகாரங்களில் பெரும்பகுதி "என் மகனே, கேள்" என்ற மன்றாட்டாக அமைந்திருப்பதும் கவனிக்கத்தக்கது. நல்ல வளர்ப்பே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுமானால் மகனிடம் இவ்வளவு தூரம் கெஞ்சவேண்டிய அவசியமே இருக்காது.

யூதாவின் ராஜாக்களில் நான்கு தலைமுறைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். எசேக்கியாவைப் போலக் கர்த்தரை நம்பின ராஜா அவனுக்கு முன்னும் பின்னும் இல்லை என்று 2 இராஜாக்கள் 18 சொல்கிறது. அவன் மகன் மனாசே 12 வயதில் அரசனாகி 55 ஆண்டுகள் ஆண்டு, தகப்பன் இடித்த மேடைகளைத் திரும்பக் கட்டி, எருசலேமைக் குற்றமில்லாதவர்களின் இரத்தத்தால் நிரப்பினான். மனாசேயின் மகன் ஆமோனும் அதே வழியில் நடந்து, இரண்டே ஆண்டுகளில் கொலையுண்டான். ஆமோனுடைய மகன் யோசியாவோ 8 வயதில் அரசனாகி, 16 வயதளவிலேயே கர்த்தரைத் தேடத் தொடங்கினான். சிறந்த தகப்பனுக்கு மோசமான மகனும், மோசமான தகப்பனுக்குச் சிறந்த மகனும் ஒரே வம்சத்தில் வருகிறார்கள். மனாசே பிற்காலத்தில் மனந்திரும்பியதாக 2 நாளாகமம் 33 சொல்கிறதே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், ஆனால் சங்கிலியால் கட்டுண்டு பாபிலோனில் நெருக்கப்பட்டபோது அவன் தாழ்மைப்பட்டான் என்றுதான் அங்கே இருக்கிறது, எசேக்கியாவின் வளர்ப்பு அங்கே காரணமாகச் சொல்லப்படவில்லை.

தவறிய பிள்ளையின் கணக்கைத் தகப்பன் தலையில் எழுதலாமா என்ற கேள்விக்கு எசேக்கியேல் 18 நேரடியாகவே பதில் சொல்கிறது. நீதிமானுக்குக் கொள்ளைக்காரனான மகன் பிறந்தால், அந்த மகனுடைய இரத்தப்பழி அவன்மேலேயே இருக்கும் என்று அந்த அதிகாரம் தீர்க்கிறது. ஏலியின் பிள்ளைகளை எடுத்துக்காட்டி உங்களைக் குற்றப்படுத்துகிறவர்கள் 1 சாமுவேல் 3:13ஐப் படிக்கட்டும்: ஏலிமேல் வந்த குற்றம் பிள்ளைகள் கெட்டுப்போனார்கள் என்பதல்ல, தெரிந்திருந்தும் அவர்களை அடக்காமல் விட்டான் என்பது. சாமுவேலின் மகன்களும் பரிதானம் வாங்கி நியாயத்தைப் புரட்டினார்கள். ஆனால் அதற்காக வேதம் சாமுவேலைக் கடிந்துகொள்ளவில்லை.

இன்னொரு பயன்பாட்டையும் இங்கே குறிப்பிட வேண்டும். எபிரெய மூலத்தில் "அவன் வழியின்படி" என்று மட்டுமே இருப்பதால், பிள்ளையின் விருப்பத்துக்கும் திறமைக்கும் ஏற்ற படிப்பைக் கொடுங்கள் என்று இதற்கு விளக்கம் தருகிறார்கள். அறிவுரை நல்லதுதான். ஆனால் நீதிமொழிகள் "வழி" என்று பேசும்போது தொழிலையோ திறமையையோ அல்ல, பெரும்பாலும் நடத்தையைத்தான் சொல்கிறது. முந்தின வசனமான 22:5, மாறுபாடுள்ளவன் வழியில் கிடக்கும் முள்ளுகளையும் கண்ணிகளையும் பற்றியதுதான்.