தொலைந்த போன்: சிம்மை நிறுத்தினால் போதுமா, போனையே முடக்க வேண்டுமா?

"நேற்று மாலை 29சி பஸ்ஸில் வந்து அடையாறில் இறங்கிப் பார்த்தால் கைப்பையில் போன் இல்லை. ஆண்ட்ராய்டு போன், பேட்டர்ன் லாக் போட்டிருக்கிறேன். இரண்டு சிம். பேங்க், யுபிஐ எல்லாம் முதல் சிம்மில். இரண்டாவது டேட்டாவுக்கு மட்டும். கஸ்டமர் கேரைக் கூப்பிட்டு ஐஎம்இஐ-யை பிளாக் செய்யச் சொன்னேன். முதல் சிம்மை மட்டும்தான் நிறுத்தினார்கள். இப்போது போனில் இருப்பதை அழித்துவிடலாமா, கிடைக்கும் என்று காத்திருக்கலாமா?"
— வாசகி, அடையாறு

கஸ்டமர் கேரில் செய்தது சரிதான். அவர்கள் கையில் இருப்பது சிம் மட்டும். போனின் ஐஎம்இஐ எண்ணை முடக்கும் கோரிக்கை, மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளம் வழியாகத்தான் போக வேண்டும். அங்கிருந்து எல்லா நெட்வொர்க்குகளுக்கும் உத்தரவு போகும். ஆனால் அது உங்களுக்குக் கடைசி வேலை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த இரண்டாவது சிம். அதை இன்னும் நிறுத்தவில்லை என்றால், உடனே நிறுத்த வேண்டாம். போன் இருக்கும் இடத்தை உங்களுக்குச் சொல்லப்போவதும், நீங்கள் அனுப்பும் பூட்டை வாங்கிக்கொள்ளப்போவதும் அந்த டேட்டாதான். உங்கள் ஜிமெயில் ஏற்கெனவே திறந்திருக்கும் லேப்டாப்போ ஆபீஸ் கம்ப்யூட்டரோ இருந்தால் அதில் google.com/android/find என்று தட்டுங்கள். புதிதாக ஒரு கருவியில் நுழையப் போனால், 'நீங்கள்தானா?' என்று கேட்கும் அறிவிப்பு தொலைந்த போனுக்கே போய் நிற்கும். பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

பக்கம் திறந்ததும் வரைபடத்தில் போன் தெரியும். ஒலி எழுப்பும் பட்டனில் கை வைக்காதீர்கள். போன் சைலண்டில் இருந்தாலும் ஐந்து நிமிடம் முழுச் சத்தத்தில் அலறும். வீட்டு சோபா இடுக்கில் விழுந்த போனுக்கு அது நல்லது. பஸ்ஸில் யாராவது எடுத்திருந்தால், உடனே அணைக்கச் சொல்லி நாமே தகவல் கொடுத்த மாதிரி ஆகிவிடும். முதலில் தொலைந்ததாகக் குறித்துப் பூட்டுங்கள். அங்கேயே திரையில் ஒரு செய்தியும் தொடர்பு எண்ணும் வைக்கலாம். வீட்டில் வேறொருவர் எண்ணைக் கொடுங்கள். நல்ல மனிதர் கையிலோ கண்டக்டர் கையிலோ இருந்தால் அந்த எண்ணுக்கு போன் வரும்.

அப்புறம் இடத்தைப் பாருங்கள். புள்ளியைவிட அதன் பக்கத்தில் இருக்கும் நேரம் முக்கியம். 'இப்போது' என்றால் போன் உயிரோடு இருக்கிறது. 'நேற்று மாலை' என்றால் அது கடைசியாகப் பேசிய இடம், அவ்வளவுதான். புள்ளி பெசன்ட் நகர் பஸ் நிலையத்திலேயே அசையாமல் நின்றால், சீட்டுக்கு அடியில் கிடந்து பஸ்ஸோடு போயிருக்க வாய்ப்பு உண்டு. நேரில் போய் நேரக் காப்பாளரிடம் கேட்டுப் பாருங்கள். குடியிருப்புக்குள் போயிருந்தால் கதை வேறு. புள்ளியைச் சுற்றி இருக்கும் வட்டத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் போன் இருக்கலாம். நெருக்கமான தெருவில் அந்த வட்டத்துக்குள் பத்து வீடு வரும், மாடிக் கணக்கு தெரியவே தெரியாது. எந்த வீட்டுக் கதவையும் நீங்கள் தட்ட வேண்டாம். நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து போலீசிடம் கொடுங்கள்.

இனி உங்கள் கேள்வி. அழிப்பதற்கு அவசரம் இல்லை. பேட்டர்ன் லாக் இருக்கிறது, இன்றைய ஆண்ட்ராய்டு போன்களில் உள்ளே இருப்பது குறியாக்கத்தில்தான் இருக்கும். பூட்டைத் திறக்காமல் உங்கள் படங்களையோ வாட்ஸ்அப்பையோ பார்க்க முடியாது. லாக்கே இல்லாத போனாக இருந்தால் உடனே அழித்துவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். அழித்த பிறகு ஆண்ட்ராய்டு போனை வரைபடத்தில் தேட முடியாது என்பதால், இடம் காட்டிக்கொண்டிருக்கும் வரை காத்திருப்பதே லாபம். மெமரி கார்டு போட்டிருந்தால் அதில் இருப்பது அழியாமல் போகலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

உண்மையான ஆபத்து போனில் இல்லை, சிம்மில் இருந்தது. சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி அங்கே வரும், பேட்டர்ன் லாக்கால் தடுக்க முடியாது. யுபிஐ பின்னைப் புதிதாக வைக்க டெபிட் கார்டின் கடைசி ஆறு எண்களும் காலாவதி மாதமும் வேண்டும், அல்லது ஆதார் ஓடிபி வேண்டும். போனோடு கார்டும் போயிருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். முதல் சிம்மை நீங்கள் நிறுத்தியது இதற்காகவே சரி. பேங்கிலும் சொல்லி யுபிஐ-யை நிறுத்தி வையுங்கள். பணம் ஏதாவது போயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

இன்றைக்கே போலீஸ் ஸ்டேஷன் போய்ப் புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். புகாரில் ஐஎம்இஐ எண்கள் இரண்டும் இருக்கட்டும். இரண்டு சிம் போனுக்கு எண்ணும் இரண்டு. போன் வந்த அட்டைப்பெட்டியின் ஸ்டிக்கரில் 15 இலக்கமாக இருக்கும். பெட்டி இல்லை என்றால் பில்லில் பாருங்கள், பெரும்பாலும் ஒன்றாவது இருக்கும். அதுவும் இல்லை என்றால் கூகுளின் அதே தேடல் பக்கத்தில் போனின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் குறியை அழுத்திப் பாருங்கள்.

ரசீது கைக்கு வந்ததும் முதல் எண்ணுக்கு டூப்ளிகேட் சிம் வாங்கிவிடுங்கள். முடக்கக் கோரும்போது ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மாற்று சிம் கிடைத்த பிறகும், மோசடியைத் தடுப்பதற்காக, முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராமல் நிறுத்தி வைக்கப்படலாம். சிம் வாங்கின கையோடு உட்கார்ந்து 'ஓடிபியே வரவில்லை, தளம் சரியில்லை' என்று தவிப்பதில் பயன் இல்லை. மறுநாள் செய்யுங்கள்.

அந்த ஒரு நாள் இடைவெளியைத்தான் கடைசியாகத் தேடிப் பார்க்கப் பயன்படுத்தச் சொல்கிறேன். மறுநாளும் புள்ளி நகரவில்லை, போன் வரவில்லை என்றால் முதலில் அழிக்கும் உத்தரவை அனுப்புங்கள், அப்புறம் இரண்டாவது சிம்மை நிறுத்துங்கள், அதற்கும் பிறகுதான் ஐஎம்இஐ. வரிசை மாறினால் நஷ்டம் உங்களுக்கு. முடக்கிய போனுக்கு மொபைல் நெட்வொர்க் கிடைக்காது. உங்கள் அழிப்பு உத்தரவு அதற்குப் போய்ச் சேர, யாராவது அதை வைஃபையில் இணைக்க வேண்டியிருக்கும். போன் அணைந்திருந்தால் உத்தரவு காத்திருந்து, இணையம் கிடைத்ததும் வேலையைத் தொடங்கும். அழிந்த பிறகும் உங்கள் கூகுள் கணக்கு கேட்காமல் அந்த போனை மறுபடி அமைக்க முடியாது. அதனால் அதைக் கணக்கிலிருந்து நீக்கிவிடாதீர்கள்.

முடக்க sancharsaathi.gov.in பக்கத்தில் தொலைந்த போனுக்கான படிவம் இருக்கிறது. ரசீதின் நகல், உங்கள் அடையாள அட்டை ஆகியவற்றை ஏற்ற வேண்டும். வாங்கிய பில் இருந்தால் அதையும் ஏற்றுங்கள். முடிந்ததும் ஒரு கோரிக்கை எண் கிடைக்கும். பத்திரமாக எழுதி வையுங்கள். சுமார் ஒரு நாளில் இந்தியாவின் எந்த நெட்வொர்க்கிலும் அந்த போன் பேசாது. வேறு சிம் போட்டு யாராவது முயன்றால் அந்தத் தகவல் போலீசுக்குப் போகும். வைஃபை வேலை செய்யும், வெளிநாட்டிலும் வேலை செய்யலாம், கழற்றி உதிரிபாகமாக விற்பதையும் தடுக்க முடியாது. இதெல்லாம் இந்த முறையின் எல்லை.

இன்னும் சில வாரங்களுக்கு ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். பூட்டிய திரையில் நீங்கள் வைத்த எண்ணுக்கு 'உங்கள் போன் கிடைத்துவிட்டது, இங்கே அழுத்துங்கள்' என்று ஒரு லிங்க் வரலாம். திறந்தால் கூகுள் பக்கம் மாதிரியே இருக்கும், கணக்கின் பாஸ்வேர்டையோ போனின் பேட்டர்னையோ கேட்கும். போன் கையில் இருப்பவருக்கு இல்லாதது அது ஒன்றுதான், அதைத்தான் கேட்கிறார். உண்மையில் கிடைத்தால் ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வரும், அவர்களுக்கு உங்கள் பேட்டர்ன் தேவைப்படாது.

போன் திரும்பக் கைக்கு வந்த பிறகு, சிம் போட்டுப் பார்த்து 'சிக்னல் இல்லையே' என்று சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போக வேண்டாம். அதே தளத்தில் கோரிக்கை எண்ணைக் கொடுத்து முடக்கத்தை நீக்கச் சொல்லுங்கள்.