கயல் கேட்ட கேள்வி: கோழியை ஏன் பச்சையாகத் தின்னக் கூடாது?

கதை எழுதுபவர்: குழந்தைகளுக்கு ஒரு சிறுகதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா கோழிக்கறி கழுவுகிறார். ஆறு வயதுக் கயல் கொய்யாவைக் கடித்தபடி, "கொய்யாவைக் கழுவிட்டு அப்படியே தின்னுறோம். கோழியையும் கழுவியாச்சே, ஏன்ப்பா அப்படியே தின்னக் கூடாது?" என்கிறாள். "பச்சைக் கறி செரிக்காது கண்ணு" என்று அப்பாவைச் சொல்ல வைத்திருக்கிறேன். சரிதானே?

பதில்: கயல் சரியாகத்தான் கேட்கிறாள், அப்பாதான் தப்பாகச் சொல்கிறார். பச்சை இறைச்சியும் நமக்குச் செரிக்கும். வேகவைத்தால் மெல்ல எளிது, செரிப்பதும் கொஞ்சம் சுலபம், அவ்வளவே. சிக்கல் கறியோடு ஒட்டிக்கொண்டு வருவதில் இருக்கிறது.

கோழியின் குடலில் கேம்பைலோபாக்டர், சால்மொனெல்லா என்ற கிருமிகள் குடியிருப்பது சர்வசாதாரணம். கோழிக்குப் பெரும்பாலும் அவற்றால் ஒன்றும் ஆகாது. கோழியின் உடம்புச் சூடு 41, 42 டிகிரி. கேம்பைலோபாக்டர் செழித்து வளர்வதும் அதே சூட்டில்தான். கோழியை அறுத்து, வெந்நீரில் முக்கி, இறகு பிடுங்கி, குடலை உருவும்போது குடலில் இருந்தது தோலிலும் கறியிலும் படுகிறது. ஒரே வெந்நீரில் பல கோழிகளை முக்கினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கும் போகும். இறகு இருந்த குழிகளுக்குள் போய் உட்கார்ந்துவிட்ட கிருமி, எத்தனை முறை அலசினாலும் முழுக்க வராது.

கொய்யாவுக்கு இந்தக் கதை கிடையாது. அதற்குக் குடல் இல்லை. அழுக்கு தோலுக்கு வெளியே நிற்கும், உள்ளே சதை புளிப்பு என்பதால் கிருமி எளிதில் வளராது. கேம்பைலோபாக்டரில் சில நூறு நம் வயிற்றுக்குள் போனாலே நோய் வரலாம். வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து நாள் கழித்துத்தான் வரும் என்பதால், பலர் முந்தின இரவு தின்ற பரோட்டாவைத் திட்டுவார்கள்.

ஒரு வாசகர்: பழம் புளிப்பு, அதனால் கிருமி வளராது. அப்படியானால் கறியில் எலுமிச்சையும் மஞ்சளும் போட்டு ஊறவைத்தால் கிருமி செத்துவிடுமே? கறியும் வெள்ளையாகி வெந்த மாதிரி ஆகிறதே.

பதில்: முதல் பாதி சரி, அதுவும் புளிப்பான பழத்துக்கு மட்டும். தர்பூசணி, முலாம்பழம், பப்பாளி ஆகியவற்றில் புளிப்பு மிகக் குறைவு. வெட்டி வெளியே வைத்தால் கத்தியிலிருந்து போன கிருமி அவற்றில் நன்றாகவே வளரும். பழம் என்றாலே பத்திரம் என்று கயலிடம் சொல்லிவிட வேண்டாம்.

எலுமிச்சையில் கறி வெளுப்பது புரதம் உருமாறுவதால். மேற்பரப்பில் கிருமி கொஞ்சம் குறையலாம், தோல் மடிப்பிலும் வெட்டின் ஆழத்திலும் இருப்பது அப்படியே இருக்கும். சமையலறையில் நாம் போடும் அளவு மஞ்சள் வாடையைத்தான் குறைக்கும். ஃப்ரீசரிலும் கிருமி கொஞ்சம் குறையலாம், மீதி தூங்கத்தான் செய்யும்.

இன்னொருவர்: எங்கள் வீட்டில் நாட்டுக்கோழிதான், ஊசி போடாதது. அதிலும் இதெல்லாம் உண்டா? ஒரு மணி நேரம் கொதித்தும் தொடைக்கறி வேகவே இல்லை, ரப்பர் மாதிரி இருக்கிறது.

பதில்: நீங்கள் கேட்பது இரண்டு கேள்வி. கொல்லையில் குப்பையைக் கிளறும் கோழியின் குடலிலும் இதே கிருமிகள் இருக்கும், ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு மணி நேரம் கொதித்த கறியில் அந்தக் கிருமிகள் எப்போதோ செத்திருக்கும். ரப்பர் மாதிரி இருப்பது வயதான கோழியின் தசையைப் பிணைக்கும் நாரால். அது கரைய இன்னும் நேரம் வேண்டும், அல்லது குக்கர் வேண்டும். பத்திரம் வேறு, பதம் வேறு.

மூன்றாமவர்: கோழியைக் கழுவவே கூடாது என்கிறார்களே? எங்கள் தெருக் கடையில் இறகும் இரத்தமும் ஒட்டித்தான் வருகிறது.

பதில்: அந்த அறிவுரை, சுத்தம் செய்து பொட்டலமாக வரும் கோழிக்குச் சொன்னது. அமெரிக்க வேளாண் துறை 2019-ல் வெளியிட்ட ஆய்வில், கோழியைக் கழுவியவர்களில் 60 சதவீதத்தினரின் தொட்டியில் கிருமி இருந்தது. 26 சதவீதத்தினரின் சாலட் கீரைக்கும் அது போயிருந்தது. ஆனால் கழுவாதவர்களிலும் 31 சதவீதத்தினரின் கீரையில் கிருமி இருந்தது. கழுவாமல் விட்டால் மட்டும் போதாது, கையும் பலகையும்தான் கடத்துகின்றன.

நம் கடைக்கறியைக் கழுவாமல் சமைக்கச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை, நானும் சொல்ல மாட்டேன். குழாயைத் திறந்துவிட்டு அதன் அடியில் பிடிக்காதீர்கள். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து, கறியை அதில் அமிழ்த்தி, மெல்ல அலசி, தண்ணீரைத் தெறிக்காமல் சாய்த்துக் கொட்டுங்கள். அதற்கு முன்பே கொத்துமல்லி, வெங்காயம், பழம் எல்லாவற்றையும் நறுக்கி ஓரமாக வைத்துவிட வேண்டும். பிறகு தொட்டி, பலகை, கத்தி, கை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கதையில் கயல் அப்பாவின் பக்கத்தில் நின்று கொய்யா தின்கிறாள் அல்லவா? அவளை இரண்டடி தள்ளி நிற்க வையுங்கள்.

நான்காமவர்: வெந்ததா என்று எப்படித் தெரியும்? எலும்போரம் சிவப்பாக இருந்தால் மாமியார் திரும்ப அடுப்பில் ஏற்றச் சொல்கிறார்.

பதில்: நிறத்தை நம்ப முடியாது. கறிக்கோழியை ஆறு வாரத்திலேயே அறுத்துவிடுகிறார்கள். இளம் எலும்பு என்பதால் மஜ்ஜையின் நிறம் வெளியே கசிந்து, வெந்த பிறகும் சிவப்பாகத் தெரியும். சில சமயம் வெளுத்த கறியின் நடுவே சூடு போதாமலும் இருக்கும். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால், குத்திப் பார்க்கும் வெப்பமானியைத் துண்டின் தடித்த இடத்தில், எலும்பைத் தொடாமல் செருகுங்கள். 74 டிகிரி காட்டினால் போதும். 70 டிகிரி என்றால் இரண்டு நிமிடமாவது அந்தச் சூட்டில் இருக்க வேண்டும்.

கொதிக்கும் குழம்பில் சிறு துண்டுகளில் இருக்கும் கிருமி பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஏமாற்றுவது சிக்கன் 65. ஃப்ரீசரிலிருந்து எடுத்த துண்டை எண்ணெயில் போட்டால், சிவந்து மணக்கும்போதும் நடுவில் பனி விட்டிருக்காது. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் முந்தின இரவே வைத்துக் குளிர் விடவைத்து, மிதமான தீயில் பொரியுங்கள். ஒரு துண்டைப் பிளந்து பாருங்கள், நடுவில் வழவழப்பாக, கண்ணாடி போல இருந்தால் இன்னும் வேகவில்லை.

ஐந்தாமவர்: ஜப்பானில் பச்சைக் கோழியே தின்கிறார்கள். நானும் தின்றேன், ஒன்றும் ஆகவில்லை.

பதில்: உண்மைதான். ககோஷிமா, மியாசாகி மாகாணங்களில் டோரிசாஷி என்று உண்டு. அதற்கெனத் தனிச் சுகாதார விதிகளோடு, பெரும்பாலும் மேற்புறத்தைத் தீயில் வாட்டித் தருகிறார்கள். அப்படியிருந்தும் ஜப்பானில் உணவு நஞ்சாவதற்குக் காரணமான பாக்டீரியாக்களில் கேம்பைலோபாக்டர் முன்வரிசையில் இருக்கிறது. உங்கள் தட்டில் அன்று அது இல்லாமல் இருந்திருக்கலாம்.

கதை எழுதுபவர்: மாற்றி எழுதிவிட்டேன். "கோழியோட குடல்ல கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க இருக்கும் கயல். கறி வெட்டும்போது கறியிலயும் ஒட்டிக்கும். தண்ணிக்குப் போகாது, சூட்டுக்குத்தான் சாகும். கொய்யாவுக்குக் குடலே கிடையாதே!" உடனே அவள், "அப்போ நரி மட்டும் பச்சையா தின்னுதே?" என்கிறாள். இங்கே மாட்டிக்கொண்டேன்.

பதில்: "பூச்சி" வேண்டாம், குழந்தை புழுவைத் தேடுவாள். "கிருமி" என்றே சொல்லுங்கள், ஆறு வயதுக்கு அந்தச் சொல் தெரியும்.

நரியின் வயிற்று அமிலம் கடுமையானது என்று பலர் சொல்வார்கள். வெறும் வயிற்றில் நம் அமிலமும் லேசுப்பட்டதல்ல, அதனால் அது மட்டும் காரணமாக முடியாது. நரி பெரும்பாலும் அப்போதே அடித்த கோழியை அப்போதே தின்கிறது. அதன் குடல் குட்டை, உணவும் வேகமாகக் கடந்துவிடும். பச்சைக் கறி தின்னும் நாய்களின் மலத்தில் சால்மொனெல்லா வருவதுண்டு, நாய் துள்ளிக்கொண்டுதான் இருக்கும். எது எவ்வளவு காப்பாற்றுகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. நரிக்கும் சில சமயம் வயிறு வலிக்கும், யாரிடமும் சொல்லாது என்று அப்பா சொல்லலாம். கயல் அடுத்துக் காக்காவைப் பற்றிக் கேட்பாள்.