மௌனம் ஏன் அகப்படவில்லை?

அன்புள்ள ஐயா,

பழைய கட்டுரைகளைக் கணினியில் தொகுத்து வருகிறேன். ‘மௌனம்’ என்று தேடினால் சில கோப்புகளில் கிடைக்கிறது, சிலவற்றில் கண்ணெதிரே இருந்தும் கிடைப்பதில்லை. மூன்றெழுத்துச் சொல்லுக்குக் கணினி 15 பைட் என்கிறது, சில இடங்களில் 18. இரண்டும் ஒரே கோளாறா?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

15 பைட் கோளாறு அல்ல; 18 வரும் இடத்தில்தான் சிக்கல்.

யூனிகோடில் நம் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கிடையாது. உயிரெழுத்துகள், ஆய்தம், அகரமேறிய மெய்கள், உயிர்க்குறிகள், புள்ளி ஆகியவற்றுக்கே எண் உண்டு. நம் இலக்கணத்தில் ம் என்ற மெய்யோடு அ சேர்ந்து ம ஆகிறது. கணினியிலோ ம தான் அடிப்படை; அதன்மேல் புள்ளி வந்தால் ம். ஆகவே மௌனம் என்பது ம, ௌ, ன, ம, ் என ஐந்து குறிகள். UTF-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். U+0800 முதல் U+FFFF வரையிலான எண்களுக்கு மூன்று பைட் வேண்டும். தமிழின் இடம் U+0B80இல் தொடங்குவதால் ஐந்து குறிக்கு 15 பைட்.

இனி 18. ‘மௌ’வை மூன்று விதமாகச் சேமிக்கலாம், திரையில் மூன்றும் பெரும்பாலும் ஒன்றுபோலவே தெரியும். ம, ௌ என்பது முதல் விதம். ம, ெ, ௗ என்று பிரித்து வைப்பது இரண்டாவது. இதுவும் சரியானதே, யூனிகோடே இரண்டையும் சமம் என்கிறது. மூன்றாவது ம, ெ, ள. இதில் ‘ள’ உண்மையான ளகரம். கணினிக்கு அது ‘மெ-ள-னம்’. கடைசி இரண்டுக்கும் 18 பைட்தான் என்பதால் அளவை வைத்துப் பிரித்தறிய முடியாது. அம்புக்குறியை நகர்த்திப் பாருங்கள். சரியான மௌ ஒரே தாவலில் கடந்துவிடும், தவறானது இரண்டு தாவல் கேட்கும்.

இரண்டாவது விதத்தை முதலாவதாக மாற்ற பைத்தானில் ஒரு வரி போதும். மூன்றாவதை அது தொடாது, ஏனெனில் கணினியின் பார்வையில் அதில் பிழையே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ‘ெள’ அனைத்தையும் ‘ௌ’ ஆக்கினால் வெளியும் தெளிவும் வெள்ளமும் சிதைந்துவிடும். அவற்றில் ளகரத்தை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வருகிறது. மௌனத்தில் அப்படி வராது. அந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே s என்பது கோப்பிலிருந்து படித்த உரை:

```
import re, unicodedata
s = unicodedata.normalize("NFC", s)
s = re.sub("\u0BC6\u0BB3(?![\u0BBE-\u0BCD])", "\u0BCC", s)
```

மாறிய சொற்களை மட்டும் தனியே பட்டியலிட்டு ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். கௌரவம், பௌர்ணமி, வௌவால் எல்லாம் அதில் வரிசையாக வந்து நிற்கும். மூலக் கோப்புகளின் படி ஒன்றைத் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.