மருத்துவ அவசரத்துக்குச் சம்பள முன்பணம்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, அப்பாவுக்கு அறுவை சிகிச்சை. காப்பீடு போக 60,000 தேவைப்படுகிறது. கைக்கு வரும் சம்பளம் 40,000, வீட்டுச் செலவும் பழைய கடனும் 33,000. மாதம் 10,000 வீதம் ஆறு மாதத்தில் திருப்பித் தருகிறேன் என்று எழுதலாமா? மருத்துவமனையில் நான்தான் இருக்க வேண்டும். பன்னிரண்டு நாள் சம்பளமில்லா விடுப்பு எடுப்பேன். (கிடங்குப் பணியாளர்)

பதில்: விரைவாக அடைப்பதாகச் சொன்னால் மேலதிகாரிக்கு நம்பிக்கை வரும் என்று நினைக்கிறீர்கள். சம்பளப் பிரிவில் இருப்பவர் முதலில் பார்ப்பது, பிடித்தம் போன பிறகு இவர் குடும்பத்தை நடத்த முடியுமா என்பதைத்தான்; முடியாதென்றால் சில மாதங்களிலேயே இரண்டாவது விண்ணப்பம் வரும் என்பது அவருக்குத் தெரியும். உங்களுக்கு மாதம் மிஞ்சுவது 7,000. அதில் 10,000 பிடிக்க வழியில்லை. 5,000 என்று வைத்தால் பன்னிரண்டு தவணையில் முடியும், மருந்துக்கு 2,000 கையில் நிற்கும்.

விடுப்பைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதுதான் பெரிய குறை. முப்பது நாள் கணக்கில் பன்னிரண்டு நாள் சம்பளம் போனால் அந்த மாதம் ஏறக்குறைய 24,000தான் வரும். வீட்டுச் செலவுக்கே 9,000 குறையும். அதே மாதத்தில் முதல் தவணையையும் பிடித்தால், வாங்கிய முன்பணத்தை எடுத்துத்தான் வாடகை கொடுக்க வேண்டியிருக்கும். எனவே தவணை மூன்றாம் மாதச் சம்பளத்திலிருந்து தொடங்கட்டும் என்று கேளுங்கள். இப்படி எழுதலாம்:

"என் தந்தையின் அறுவை சிகிச்சைக்காக 60,000 முன்பணமாக வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இம்மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுக்கவிருப்பதால், மூன்றாம் மாதச் சம்பளத்திலிருந்து மாதம் 5,000 வீதம் பன்னிரண்டு தவணைகளில் பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன். இடையில் பணியிலிருந்து விலகினால் மீதியைக் கணக்கு முடிப்புத் தொகையில் கழித்துக்கொள்ளலாம். மருத்துவமனையின் செலவு மதிப்பீட்டையும் காப்பீட்டு ஒப்புதலையும் இணைத்துள்ளேன்."

ஒப்புதல் வந்ததும், எந்த மாதம் எவ்வளவு பிடிப்பார்கள் என்ற தாளை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழி ஒப்புதலை நம்பாதீர்கள். சம்பளப் பட்டியல் தயாரிப்பவர் காதுக்கு அது போய்ச் சேராது.

கேள்வி: முன்பணத்துக்கு வட்டி கிடையாது. அப்படியானால் இருபத்து நான்கு மாதம் கேட்பதுதானே புத்திசாலித்தனம்? (விற்பனைப் பிரிவு)

பதில்: பல இடங்களில் வட்டி இல்லை என்பது சரி. ஆனால் நிலுவை நிற்கும் வரை வேலை மாறுவது கடினம், ஏனெனில் விலகும் நாளில் மீதி முழுவதும் ஒரே தடவையில் கழியும். அதற்குள் இன்னொரு அவசரம் வந்தால், பழையது முடியட்டும் என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். தாங்கக்கூடிய தவணைகளில் எது சீக்கிரம் முடியுமோ, அதைக் கேளுங்கள்.

கேள்வி: எப்படியும் பாதியாகக் குறைப்பார்கள். அதனால் இரண்டு மடங்காகக் கேட்கச் சொல்லுங்கள். (முன்னாள் துறை மேலாளர்)

பதில்: சொல்ல மாட்டேன். மதிப்பீட்டுத் தாளில் காப்பீடு போக 60,000 என்று இருக்கும்போது 1,20,000 கேட்டால், அந்த ஒரு முரண்பாடே கோப்பை நிறுத்திவிடும். விளக்கம் கேட்டு, பதில் வந்து, மறுபடி கையொப்பத்துக்குப் போவதற்குள் மருத்துவமனையில் பணம் கட்ட வேண்டிய நாள் கடந்துவிடும்.

அதே மேலாளர்: தாளைப் பார்க்காமலேயே வெட்டுகிற அதிகாரிகளின் கீழ் நான் வேலை பார்த்திருக்கிறேன். உண்மையான தொகையைக் கேட்டவர்களுக்குத்தான் பணம் போதாமல் போனது.

பதில்: அப்படிப்பட்ட அதிகாரிகள் இருப்பதை மறுக்கவில்லை. அங்கும் தொகையை உயர்த்தாமல், எந்தத் தேதிக்குள் எவ்வளவு கட்டாவிட்டால் சிகிச்சை தள்ளிப்போகும் என்பதைக் கடிதத்தில் எழுதச் சொல்வேன். தேதி எழுதியிருந்தால், குறைப்பவர் காரணத்தையும் எழுத வேண்டிவரும்.

அதே மேலாளர்: காரணம் எழுதத் தயங்காதவர்களும் உண்டு.

பதில்: உண்டு. அவர்களை எந்தக் கடிதம் அசைக்கும் என்பதில் நாம் இருவரும் உடன்படப் போவதில்லை. அடுத்த கேள்விக்குப் போகிறேன்.

கேள்வி: என் சம்பளம் 55,000. மாதம் எவ்வளவு பிடிக்கச் சொல்லலாம்? (கணினிப் பிரிவு)

பதில்: இது மொத்தச் சம்பளமா, கைக்கு வருவதா? கைக்கு வருவதிலிருந்து மாதச் செலவைக் கழித்து, மிஞ்சுவதற்குள் தவணையை வையுங்கள். முதல் பதிலிலேயே வழி இருக்கிறது. தயவுசெய்து அதைப் படியுங்கள்.

கேள்வி: எனக்கு 28,000. எவ்வளவு பிடிக்கச் சொல்லலாம்?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: வங்கியில் தனிநபர் கடன் சீக்கிரம் கிடைக்குமா?

பதில்: அதை வங்கியில் கேளுங்கள், என் துறை அன்று.

கேள்வி: அம்மாவுக்கு என்ன நோய் என்று அலுவலகத்துக்குத் தெரிய வேண்டாம் என்கிறார். சொல்லாமல் கேட்க முடியுமா? (வரவேற்புப் பிரிவு)

பதில்: முடியும். தொகையையும் கட்ட வேண்டிய தேதியையும் காட்டும் மதிப்பீட்டுத் தாளே பெரும்பாலும் போதும். நோயின் பெயர் இல்லாமல் ஒரு தாள் தருமாறு மருத்துவமனைக் கணக்குப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். மறுத்தால், முழுத் தாளை மனிதவளப் பிரிவில் ஒருவரிடம் மட்டும் நேரில் காட்டி, சரிபார்த்ததாகக் குறிப்பெழுதச் சொல்லுங்கள். விண்ணப்பம் மூன்று நான்கு மேசைகளைக் கடந்துதான் போகும். நகலை அதனுடன் இணைக்காதீர்கள். தவணைத் தாளை மட்டும் மறக்காமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.