ஃபர்ம்வேர் சைனிங் கீ: முதல் பேட்ச் போகும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஈஎஸ்பி32-எஸ்3 சிப்பைப் பற்றியவை. அதனால் பதில்களையும் அந்தச் சிப்பை வைத்தே சொல்கிறேன். மற்ற சிப்களில் பெயர்களும் எண்ணிக்கையும் மாறும்.

கேள்வி: எங்களிடம் ஒரே ஒரு சைனிங் கீ இருக்கிறது, பில்ட் சர்வரில். அடுத்த மாதம் முதல் பேட்ச் போகிறது. கீ மாற்றுவதைப் பற்றி எப்போது யோசிக்கலாம்?

இந்த வாரமே. பேட்ச் போன பிறகு யோசித்துப் பயனில்லை.

கையெழுத்து சரியாக இருக்கும் ஃபர்ம்வேரை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட் வசதிக்கு இந்தச் சிப்பில் மூன்று இடங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பப்ளிக் கீயின் 32 பைட் டைஜஸ்ட், அதாவது அதன் ஹாஷ், உட்காரும். ஈ-ஃப்யூஸ் என்பதால் ஒருமுறை எரித்தால் எரித்ததுதான். நீங்கள் ஒரு கீயின் டைஜஸ்ட்டை மட்டும் எரித்து அனுப்பினால், மீதி இரண்டு இடங்கள் காலியாகக் காத்திருக்கும் என்று நினைப்பீர்கள். காத்திருக்காது. மெனுவில் `CONFIG_SECURE_BOOT_ALLOW_UNUSED_DIGEST_SLOTS` என்பதைத் தொடாமல் விட்டிருந்தால், சாதனம் முதல்முறை ஓடும்போதே காலி இடங்கள் இரண்டையும் நிரந்தரமாக ரத்து செய்துவிடும். அதில் நியாயம் இருக்கிறது. காலியாக விட்டால் பின்னால் வருகிற ஆசாமி தன்னுடைய டைஜஸ்ட்டை அங்கே எரித்துவிடலாம். ஆனால் விவரம் தெரியாதவருக்கு அந்த ஒரே கீதான் சாதனத்தின் ஆயுள் முழுக்க.

அதனால் இப்போதே மூன்று கீ உருவாக்கி, மூன்று டைஜஸ்ட்டையும் தொழிற்சாலையிலேயே எரித்துவிடுங்கள். கீ 0 அன்றாட வெளியீட்டுக்கு. கீ 1, கீ 2 இரண்டும் பூட்டுக்குள். பில்ட் சர்வரில் இப்போது இருக்கும் கீயை மூன்றில் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். அது எத்தனை பேக்கப்பில் ஏறியிருக்கிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கேள்வி: மூன்று டைஜஸ்ட்டும் எரிக்கிறோம். பூட்லோடரை கீ 0 வைத்து மட்டும் சைன் செய்கிறோம். அப்டேட்டில் மாறுவது ஆப் மட்டும்தானே, பூட்லோடர் மாறாதே. இது சரிதானே?

பூட்லோடர் மாறாது என்பது சரி. மாறாது என்பதால்தான் இது ஆபத்து.

சிப்பின் மாற்ற முடியாத ரோம் பகுதியில் இருக்கும் கோட்தான் பூட்லோடரின் கையெழுத்தைச் சரிபார்க்கிறது. நாளைக்கு கீ 0 கசிந்து, ஆப்பை கீ 1 வைத்து அனுப்பி, கீ 0-ஐ ரத்து செய்கிறீர்கள் என்று வையுங்கள். அடுத்த ரீஸ்டார்ட்டில் ரோம் பூட்லோடரைப் பார்க்கும். அதில் இருப்பது ரத்தான கீயின் கையெழுத்து மட்டும். அங்கேயே நின்றுவிடும். களத்தில் இருக்கும் எல்லாச் சாதனமும் செங்கல் ஆகிவிடும், அதுவும் உங்கள் கையாலேயே.

பூட்லோடரில் மூன்று கையெழுத்து வரை வைக்கலாம். தொழிற்சாலைக்கு அனுப்பும் முன் இப்படிச் சேருங்கள்:

```
espsecure.py sign_data --version 2 --keyfile key0.pem --output bl0.bin bootloader.bin
espsecure.py sign_data --version 2 --append_signatures --keyfile key1.pem --output bl01.bin bl0.bin
espsecure.py signature_info_v2 bl01.bin
```

கீ 2-க்கும் அதே இரண்டாவது வரிதான், ஆனால் உள்ளே போவது `bl01.bin`, வெளியே வருவது `bl012.bin`. கடைசி வரியை அந்த இறுதி ஃபைலுக்கு ஓட்டினால் எத்தனை கையெழுத்து இருக்கிறது என்று காட்டும். அதைப் பார்க்காமல் ஃபைலை அனுப்பாதீர்கள். புதிய பதிப்பில் கட்டளைப் பெயர்கள் `sign-data` என்று கோடு போட்டு வரும்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. கீ 1-ம் கீ 2-ம் வெளியே இருக்கும் அந்த ஒரு நாளுக்குள் பூட்லோடர் பில்ட் இறுதியாகியிருக்க வேண்டும். அப்புறம் ஒரு வரி மாற்றினாலும் லாக்கரை மறுபடி திறக்க வேண்டியதுதான்.

மாற்றும் நாளில் வரிசை இது. கீ 1 கையெழுத்திட்ட ஆப் போகட்டும். அது பூட் ஆகி, நெட்வொர்க் பிடித்து, சர்வரிடம் பேசி, தான் நன்றாக இருப்பதாக உறுதி செய்யட்டும். அதற்குப் பிறகுதான் அந்த ஆப் இதை அழைக்க வேண்டும்:

```
esp_ota_revoke_secure_boot_public_key(SECURE_BOOT_PUBLIC_KEY_INDEX_0);
```

முந்திக்கொண்டு அழைத்தால் பழைய ஆப்புக்குத் திரும்பும் வழி அடைபட்டுவிடும், ஏனென்றால் பழையது கீ 0-இல் இருக்கிறது. முதலில் மேசையில் நாலு போர்டில் செய்து பாருங்கள். ஒன்றிலாவது நடுவில் மின்சாரத்தைப் பிடுங்கிப் பாருங்கள்.

கேள்வி: எச்எஸ்எம் என்னும் கீ பாதுகாப்புக் கருவி வாங்கியாகிவிட்டது. கீ அதை விட்டு வெளியே வரவே முடியாது. இனி திருட்டுப் பயம் இல்லைதானே?

கீ திருடுபோவது கடினம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திருடனுக்கு கீ தேவையில்லை, கையெழுத்துதான் தேவை. பில்ட் சர்வர் கேட்டதற்கெல்லாம் எச்எஸ்எம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், சர்வருக்குள் புகுந்தவனுக்கும் போட்டுக் கொடுக்கும். எங்களிடம் டெஸ்ட் பில்டுக்குத் தனி கீ, டெஸ்ட் போர்டுகளில் தனி டைஜஸ்ட். அது பில்ட் சர்வரிலேயே இருக்கும், கசிந்தாலும் கவலையில்லை. வெளியீட்டு கீ இருக்கும் எச்எஸ்எம் தனிக் கணினியில். பில்ட் செய்தவர் ஒருவர், ஃபைலின் ஹாஷைத் தானே மறுபடி பில்ட் செய்து ஒப்பிட்டுப் பார்ப்பவர் இன்னொருவர். இரண்டும் ஒத்துப்போனால்தான் கையெழுத்து. மாதத்துக்கு ஒன்றிரண்டு வெளியீடு என்றால் இது பாரமே இல்லை. தினமும் வெளியிடுகிற குழுவுக்கு இது ஒத்துவருமா என்று எனக்கு இன்னும் முழு நம்பிக்கை இல்லை.

அப்புறம், அந்த எச்எஸ்எம் செத்துப்போனால்? இதை வாங்கிய அன்றே கேட்க வேண்டும். யூபிஎச்எஸ்எம் 2 மாதிரி சின்ன யுஎஸ்பி கருவியில், கீயை உருவாக்கும்போதே பேக்கப் அனுமதி கொடுத்திருக்க வேண்டும்:

```
generate asymmetric 0 100 fw_key0 1 exportable-under-wrap,sign-pss rsa3072
```

அந்த `exportable-under-wrap` விட்டுப்போனால் பின்னால் சேர்க்க வழியில்லை. அது இருந்தால், பொதிந்து பூட்டவென்றே உள்ள ஒரு wrap கீயால் பூட்டிய நிலையில் இரண்டாவது கருவிக்கு நகலை எடுத்துப் போகலாம். இரண்டாவது கருவியை வேறு கட்டடத்தில் வையுங்கள். புதுக் கருவி `password` என்கிற கடவுச்சொல்லோடுதான் வருகிறது, முதல் வேலையாக அதை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: கீ 1, கீ 2 இரண்டையும் பென்டிரைவில் போட்டு பேங்க் லாக்கரில் வைத்தால் போதாதா?

பென்டிரைவ் மட்டும் என்றால் போதாது. வருடக்கணக்கில் மின்சாரம் காணாமல் கிடக்கும் ஃப்ளாஷ் நினைவை நான் நம்புவதில்லை. கடவுச்சொல்லால் பூட்டிய ஃபைலை இரண்டு வேறு வகைச் சாதனத்தில் போட்டு, கூடவே காகிதத்திலும் அச்சடித்து வையுங்கள். ஆர்எஸ்ஏ 3072 கீ இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும். கீயை உருவாக்குவது வைஃபை கார்டு கழற்றிய, ஹார்ட் டிஸ்க் இல்லாத லேப்டாப்பில். அங்கிருந்து வெளியே வருவது டைஜஸ்ட்டும் கையெழுத்திட்ட பூட்லோடரும் மட்டும்.

ஆனால் நான் பார்த்த தோல்வி கீயில் இல்லை, கடவுச்சொல்லில். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் மீட்டுப் பார்க்கும் ஒத்திகைக்கு உறையைத் திறந்தோம். யாரோ பேனாவால் அழகாக எழுதியிருந்தார்கள். அது 1-ஆ, சின்ன l-ஆ? 0-வா, O-வா? சந்தேகம் மூன்று எழுத்தில். சாத்தியமான எட்டு விதங்களில் ஆறாவதில் திறந்தது. எழுதியவர் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தார். இன்றுவரை நான் கடவுச்சொல்லைச் சாதாரண ஆங்கிலச் சொற்களாக, அச்செழுத்தில் வைக்கச் சொல்வது அதனால்தான். வருடம் ஒருமுறை ஒத்திகை கட்டாயம்.

லாக்கரும் கைவிடும். இணையத்தின் டிஎன்எஸ் ரூட் கீயைக் காக்கும் இரண்டு இடங்களில் ஒன்று கலிஃபோர்னியாவின் எல் செகுண்டோ. 2020 பிப்ரவரியில் அங்கே பெட்டகத்தின் பூட்டு திறக்க மறுத்து, கையெழுத்துச் சடங்கையே தள்ளிவைத்தார்கள். அவர்களுக்கே அந்த நிலை. கீ 1 ஒரு லாக்கரில், கீ 2 இன்னொரு ஊரில் என்று பிரித்து வையுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி கீ என்று வாடிக்கையாளர் கேட்கிறார். ஒரு நாளைக்கு 500 கீ உருவாக்க எச்எஸ்எம் தாங்குமா?

அவர் கேட்பது வேறு விஷயம். சாதனம் சர்வரிடம் தன்னை அடையாளம் காட்டும் கீ அது. அதைச் சாதனமே தனக்குள் உருவாக்கிக்கொள்ளலாம். நாம் பேசுவது எல்லாச் சாதனமும் பொதுவாக நம்பும் வெளியீட்டு கீ. இரண்டையும் ஒரே எச்எஸ்எம்மில் கலக்காதீர்கள். தொழிற்சாலைக் கணினிக்கு வெளியீட்டு கீயின் பக்கம் எந்த வேலையும் இல்லை.

கேள்வி: ஆடிட்டர் வருடம் ஒருமுறை கீயை மாற்றச் சொல்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

இடம் மூன்று, அதனால் மாற்ற முடிவது இரண்டே முறை. பத்து வருடம் ஓட வேண்டிய மோட்டார் கன்ட்ரோலரில் வருடம் ஒன்று என்றால் மூன்றாவது வருடமே கை காலி. கசிந்தது, கசிந்திருக்கலாம் என்ற நியாயமான சந்தேகம், எச்எஸ்எம் இரண்டும் போய்விட்டது — இவற்றுக்குத்தான் மாற்றுவது. ஆடிட்டர் கேட்பதில் பாதிக்குப் பதில் உண்டு. எச்எஸ்எம் கடவுச்சொற்கள், யாருக்கு அனுமதி என்ற பட்டியல், இவற்றை வருடாவருடம், ஆள் மாறும்போதெல்லாம் மாற்றுங்கள். அந்தப் பதிவைக் காட்டினால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கீ 0 கசிந்து, எதிராளி உங்களுக்கு முன்னால் தன் ஆப்பைச் சாதனத்தில் ஓட்டிவிட்டால், அவனாலும் கீ 1, கீ 2-ஐ ரத்து செய்ய முடியும். அது ஒரு ஓட்டப்பந்தயம். கீ 1 ஆப்பைத் தயார்செய்ய உங்களுக்கு எத்தனை மணி நேரமாகும் என்று இப்போதே அளந்து வையுங்கள்.

கேள்வி: தாமதமாகத்தான் இதைப் படிக்கிறேன். ஒரே டைஜஸ்ட்டோடு 3,000 சாதனம் போய்விட்டது. கீ மூன்று பேர் லேப்டாப்பில் இருந்தது. ஏதாவது வழி?

அந்த 3,000-க்கும் கீயை மாற்ற வழியில்லை. 2023-இல் எம்எஸ்ஐ நிறுவனத்தின் தரவு கசிந்தபோது 57 தயாரிப்புகளின் ஃபர்ம்வேர் கீகளோடு, 116 தயாரிப்புகளின் இன்டெல் பூட் கார்ட் கீகளும் வெளியே வந்தன. பூட் கார்ட் கீ சிப்பில் எரித்தது என்பதால் ஏற்கனவே விற்றவற்றில் அதை மாற்ற முடியவில்லை. உங்களுடையதும் அதே வகை.

செய்யக்கூடியது இது. கீயை எச்எஸ்எம்முக்குள் இறக்குமதி செய்து, தெரிந்த நகல்களை அழியுங்கள். தெரியாத நகல் இருக்கலாம் என்பதால் இதைப் பாதிப் பாதுகாப்பு என்றே கணக்கில் வையுங்கள். அப்டேட் வரும் பாதையில் இரண்டாவது சோதனை போடுங்கள்: ஆப், தான் இறக்கும் ஃபைலை வேறொரு கீயாலும் சரிபார்க்கட்டும், அந்த கீ அப்டேட்டிலேயே மாற்றக்கூடியதாக இருக்கட்டும். நெட்வொர்க் வழியாக வருபவனை அது தடுக்கும். சாதனத்தைக் கையில் வைத்து ஃப்ளாஷில் நேரே எழுதுபவனைத் தடுக்காது.

3,001-ஆவது சாதனத்திலிருந்து புது கீ மூன்று. சீரியல் எண்ணை வைத்து சர்வர் இரண்டு கூட்டத்தையும் பிரித்து அறியும்படி செய்துவிடுங்கள். இல்லையென்றால் ஒருநாள் தவறான கையெழுத்தோடு அப்டேட் போகும், சாதனம் மறுக்கும், நீங்கள் நெட்வொர்க்கில் கோளாறு தேடிக்கொண்டிருப்பீர்கள்.